பதினொன்றுக்கு ஒன்று

விருதுநகர்ப் பக்கம் ஒரு செக்குக் கடை. கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. இடது பக்கம் எண்ணெய்களின் பெயர்கள். வலது பக்கம் தலைப்பில் ‘ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம்’. சூரியகாந்திக்கும் சோயாவுக்கும் எதிரே சிவப்பு மையில் ‘ஆபத்து’. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் எதிரே பச்சை மையில் ‘சரியான விகிதம்’. எண் எதுவும் இல்லை.

கடைக்காரத் தம்பி நேர்மையானவர். எள்ளைக் கண்ணெதிரே கொட்டி ஆட்டித் தருகிறவர். பலகையில் இருப்பதை அவராகக் கற்பனை செய்து எழுதவில்லை. கைபேசியில் வந்ததைப் பெயிண்டரிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். அதே செய்தி என் அத்தைக்கும் வந்திருக்கிறது. டாக்டர்கள் சிலர் மேடையில் பேசுவதும் அதுதான்: ஒமேகா-6 உடம்பில் அழற்சியை மூட்டும், ஒமேகா-3 அதை அணைக்கும், ஆகவே இரண்டுக்கும் இடையிலான விகிதம் 4:1-க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாரடைப்பு, மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் வரும். இந்தப் பேச்சு தவறு. ஒரு பகுதி மட்டும் உண்மை. அந்த உண்மையையும் விகிதம் என்ற எண் மறைத்துவிடுகிறது. எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பலகையிலேயே எண்களைப் போட்டுப் பார்ப்போம். தாவர எண்ணெயில் ஒமேகா-6 என்றால் லினோலிக் அமிலம். ஒமேகா-3 என்றால் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். விதையின் ரகம், விளைந்த மண், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் நல்லெண்ணெயில் 100 கிராமுக்கு லினோலிக் சுமார் 41 கிராம், லினோலெனிக் சுமார் 0.3 கிராம். வகுத்தால் 137-க்கு 1. கடலை எண்ணெயில் லினோலிக் 30 கிராமை ஒட்டி இருக்கும். லினோலெனிக் இல்லை என்றே சொல்லலாம். தேங்காய் எண்ணெயில் லினோலிக்கே 2 கிராம்தான், லினோலெனிக் பெயருக்குக்கூட இல்லை. சூரியகாந்தியில் லினோலிக் 60 கிராமுக்கு மேல், லினோலெனிக் கிட்டத்தட்டப் பூஜ்யம். சோயாவில் 51-ம் 7-ம். அதாவது ஏழுக்கு ஒன்று. கடுகு எண்ணெயில் மூன்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ரேஷன் கடை பாமாயிலில் லினோலிக் 10 கிராம் அளவு, லினோலெனிக் அதில் ஒரு துளி.

விகிதம்தான் அளவுகோல் என்றால் பலகையைத் தலைகீழாக எழுத வேண்டும். சோயா பச்சைக்கு வர வேண்டும். நல்லெண்ணெய் அதைவிடப் பதினெட்டு, இருபது மடங்கு மோசமானது என்று சிவப்புக்குப் போக வேண்டும். கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் எண்ணே கிடைக்காது, ஏனென்றால் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. செக்கு எண்ணெயைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் கையில் எடுத்திருக்கும் ஆயுதம் முதலில் வெட்டுவது செக்கு எண்ணெயைத்தான். நல்லெண்ணெய் நல்ல எண்ணெய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் நன்மை இந்த விகிதத்தில் இல்லை என்பதுதான் என் வாதம்.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியவைத்துக் கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் எஸ்டர்களாக மாற்றுவோம். அதில் சொட்டிலும் சிறு பகுதியை ஜி.சி. கருவிக்குள் செலுத்தினால், முடிபோல் மெல்லிய நீண்ட குழாய்க்குள் ஒவ்வொரு அமிலமும் தன் வேகத்தில் ஓடி, வெளிவரும்போது தாளில் ஒரு சிகரமாகப் பதியும். சிகரத்தின் பரப்பு அந்த அமிலத்தின் அளவு. நல்லெண்ணெயில் லினோலிக்கின் சிகரம் மலைபோல் நிற்கும். லினோலெனிக் அடிக்கோட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிய ஒரு மேடு. அந்த மேட்டின் தொடக்கத்தையும் முடிவையும் எங்கே குறிப்பது என்பதில் ஒரு சிறு மாறுதல் செய்தால் 0.3 என்பது 0.5 ஆகிவிடும். எண்ணெயில் எதுவும் மாறவில்லை. விகிதம் மட்டும் 137-லிருந்து 82-க்கு இறங்கிவிடும்.

கடலை எண்ணெயில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் 20 கார்பன் கொண்ட வேறொரு அமிலம் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கிறது. சில வகைக் குழாய்களில் அது லினோலெனிக் வெளிவரும் அதே நேரத்தில் வெளிவரும். ஒப்பிடத் தூய மாதிரியை ஓட்டிப் பார்க்காமல் பெயர் எழுதிவிட்டால் கடலை எண்ணெயில் ஒரு சதவீதம் ஒமேகா-3 இருப்பதாக அறிக்கை வந்துவிடும். விகிதம் முப்பதுக்கு ஒன்று என்று அழகாக அச்சாகும். அப்படிப்பட்ட அறிக்கைகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கீழே வரும் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது வகுத்து வரும் விடைக்கு நம்பகம் கிடையாது.

சரி, அளவீட்டை விடுவோம். இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வீண் வதந்தியாகத் தொடங்கவில்லை. 1929-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத தீனியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் வாலில் செதில் உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் கொடுத்ததும் குணமாயின. இன்று வில்லனாகச் சித்திரிக்கப்படும் அந்த அமிலம்தான் உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத, உணவிலிருந்தே வர வேண்டிய கொழுப்பு என்று முதலில் கண்டறியப்பட்டது. பிறகு 1970-களில் டென்மார்க்கின் பாங்கும் டையர்பெர்க்கும் கிரீன்லாந்து எஸ்கிமோக்களின் ரத்தத்தை ஆராய்ந்து மீன் கொழுப்பின் மீது உலகின் கவனத்தைத் திருப்பினார்கள். லினோலிக்கிலிருந்து உடம்பு அராகிடோனிக் அமிலத்தைச் செய்கிறது, அதிலிருந்து வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் பிறக்கின்றன என்பதும் தெளிவானது. 1982 நோபல் பரிசு அந்த ஆராய்ச்சிக்குத்தான். ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டையும் நீட்டி வளர்க்கும் வேலையை ஒரே நொதி செய்கிறது. ஒன்று கூடினால் மற்றதற்கு இடம் குறையும். இதையெல்லாம் சேர்த்து ஆர்ட்டெமிஸ் சிமோபௌலோஸ் 2002-இல் எழுதிய கட்டுரைதான் விகிதத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆதி மனிதன் உணவில் ஒன்றுக்கு ஒன்று, இன்றைய மேற்கத்திய உணவில் பதினைந்துக்கு ஒன்றுக்கு மேல் என்றார். ஒமேகா-3 நம் தட்டில் குறைந்துவிட்டது என்று அவர் சொன்னது சரி. அந்தக் குறையை விகிதமாக எழுதியதில்தான் கோணல் தொடங்கியது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக உண்மை. லினோலிக் அதிகம் சாப்பிட்டால் அராகிடோனிக் கூடும், கூடினால் அழற்சி கூடும் என்று கோத்துப் பார்த்தால்தான் அறுந்துபோகிறது. ரெட், வீலன் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் மனிதர்களிடம் செய்த சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். லினோலிக்கை 90 சதவீதம் வரை குறைத்த சோதனைகளும் இருந்தன, ஆறு மடங்கு வரை கூட்டிய சோதனைகளும் இருந்தன. இரண்டிலும் ரத்தத்திலுள்ள அராகிடோனிக்கின் அளவு அதற்கேற்ப ஏறவோ இறங்கவோ இல்லை. உடம்பு அந்தக் கதவைத் தன் கையில் வைத்திருக்கிறது. சாப்பிட்ட லினோலிக்கில் ஒரு சதவீதம்கூட அராகிடோனிக்காக மாறுவதில்லை. தேவையான அளவு ஆனதும் வேலை நின்றுவிடுகிறது. மறு வருடம் ஜான்சன், ஃபிரிட்ஷ் இருவரும் ஆரோக்கியமான மனிதர்களிடம் நடந்த 15 சோதனைகளை எடுத்து, லினோலிக் கூடினால் ரத்தத்தில் அழற்சிக் குறிகள் கூடுகின்றனவா என்று தேடினார்கள். கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அராகிடோனிக்கும் தீ மூட்டும் வேலையை மட்டும் செய்வதில்லை. வீக்கத்தை வடியவைக்கும் லிபாக்சின்களும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

இதயத்தைப் பற்றி? 2019-இல் 13 நாடுகளில் சுமார் 68 ஆயிரம் பேரின் ரத்தத்திலும் கொழுப்புத் திசுவிலும் அளந்த லினோலிக்கையும், பின்னாளில் அவர்களுக்கு வந்த நோய்களையும் பொருத்திப் பார்த்த பெரிய ஆய்வு வெளிவந்தது. லினோலிக் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் குறைவு. அராகிடோனிக் அதிகம் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு. இதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாது. ஆனால் ஒமேகா-6 நஞ்சு என்றால் இந்த எண்கள் எதிர்த்திசையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தில் கோயன்ஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை. 29 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் சில வாரங்கள் மூன்று விதமான உணவு கொடுத்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான உணவு: மொத்தக் கலோரியில் லினோலிக் 7 சதவீதம், லினோலெனிக் 0.4 சதவீதம். இரண்டாவது குழுவுக்கு லினோலிக்கை 3 சதவீதமாகக் குறைத்தார்கள், லினோலெனிக்கைத் தொடவில்லை. மூன்றாவது குழுவுக்கு லினோலிக்கைத் தொடவில்லை, லினோலெனிக்கை 1.1 சதவீதமாகக் கூட்டினார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏழுக்கு ஒன்று. விகிதம்தான் உடம்பை ஆள்கிறது என்றால் இரு குழுவிலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. லினோலெனிக் உடம்பில் எப்படி மாறுகிறது என்பதை இரண்டு அமிலங்களின் அளவுகளும்தான் தீர்மானிக்கின்றன, அவற்றின் விகிதம் தீர்மானிக்கவில்லை என்று ஆய்வின் தலைப்பிலேயே எழுதினார்கள்.

இதை நம் அடுப்படிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். தூத்துக்குடியில் என் அத்தை வீடு. அவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் எண்ணெய் 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் உள்ள வீட்டில் அது மாதம் மூன்றேகால் லிட்டருக்கு வரும். சூரியகாந்தி எண்ணெய் என்றால் அதிலிருந்து லினோலிக் 15 கிராம். அரிசி, பருப்பு, தேங்காய், பால் எல்லாவற்றிலிருந்தும் 4 கிராம் சேர்த்தால் 19 கிராம். லினோலெனிக் எண்ணெயிலிருந்து வருவதில்லை. மற்ற உணவிலிருந்து 0.4 கிராம் என்று வைத்தால் விகிதம் 47-க்கு 1. கைபேசிச் செய்தியைப் பார்த்த அத்தை பயந்துபோய் சூரியகாந்தியை நிறுத்தினார். பொரியல், வதக்கல், தோசை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். இப்போது எண்ணெயிலிருந்து லினோலிக் அரைக் கிராம், மற்றதிலிருந்து 4 கிராம், மொத்தம் நாலரை கிராம். லினோலெனிக் அதே 0.4 கிராம். விகிதம் பதினொன்றுக்கு ஒன்று. 47-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது. அத்தைக்கு நிம்மதி.

அவர் உடம்புக்குள் போன ஒமேகா-3 எத்தனை மில்லிகிராம் கூடியது? ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்குச் சுமார் 18 கிராம் நிறைவுற்ற கொழுப்பு கூடியது. 2020-இல் தேங்காய் எண்ணெயை மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அதிகம் இருந்தது. விகிதம் திருந்தியதற்கு அத்தை கொடுத்த விலை அது.

இதே அத்தை சூரியகாந்தி எண்ணெயையே வைத்துக்கொண்டு, தினமும் 6 கிராம் ஆளி விதையை, அதாவது மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, பொடித்து மோரிலோ இட்லிப் பொடியிலோ சேர்த்திருந்தால்? ஆளி விதையில் நூற்றுக்கு 22 கிராமுக்கு மேல் லினோலெனிக் உண்டு. 6 கிராமில் சுமார் 1.4 கிராம். மொத்தம் 1.8 கிராம் லினோலெனிக், 19 கிராமுக்குச் சற்று மேல் லினோலிக். வகுத்துப் பாருங்கள். பதினொன்றுக்கு ஒன்று.

ஒரே எண். ஒரு வீட்டில் ஒமேகா-3 நாலு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இன்னொரு வீட்டில் ஒரு துளியும் கூடவில்லை. அந்த எண் மட்டும் கையில் இருந்தால் இரண்டு வீட்டையும் பிரித்தறிய வழியில்லை. இதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. விகிதத்தில் கீழே நிற்கும் ஒமேகா-3 எல்லாம் ஒரே சரக்கு அல்ல. ஆளி விதையின் லினோலெனிக்கில் மிகச் சிறு பங்குதான் மீனிலுள்ள நீண்ட ஒமேகா-3 ஆக மாறுகிறது. அதிலும் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.ஹெச்.ஏ. வரை போவது ஆண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை என்றே பெரும்பாலும் அளந்திருக்கிறார்கள், பெண்களில் கொஞ்சம் அதிகம். தூத்துக்குடிக்காரர்கள் சாளை என்றும் சென்னைக்காரர்கள் மத்தி என்றும் சொல்லும் மீனில் அந்த நீண்ட ஒமேகா-3 நேராகவே இருக்கிறது. கொழுத்த பருவத்தில் 100 கிராமில் ஒரு கிராமுக்கு மேல். வாரம் இரண்டு முறை சாளைக் குழம்பு வைக்கும் வீட்டில் எந்த எண்ணெயில் தாளித்தார்கள் என்பது ஒமேகா கணக்கில் பெரிய விஷயமே அல்ல. விகிதமோ ஒரு கிராம் ஆளியையும் ஒரு கிராம் மீன் கொழுப்பையும் ஒன்றாகவே எண்ணும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை நான் தவிர்க்க விரும்பவில்லை. 1966 முதல் 1973 வரை சிட்னியில் இதய நோய் கண்ட 458 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேர் விலங்குக் கொழுப்பைக் குறைத்துக் குசும்பா எண்ணெயும் அதில் செய்த மார்ஜரினும் சாப்பிட்டார்கள். அவர்களில் சாவு அதிகம். கிறிஸ்டோஃபர் ராம்ஸ்டன் அந்தப் பழைய பதிவுகளைத் தோண்டியெடுத்து 2013-இல் வெளியிட்டபோது ‘பார்த்தீர்களா, ஒமேகா-6 கொல்கிறது’ என்று எழுந்த குரல் இன்னும் ஓயவில்லை. குசும்பா எண்ணெயில் முக்கால் பங்கு லினோலிக், ஒமேகா-3 இல்லை. அந்த மனிதர்கள் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய 15 சதவீதத்தை லினோலிக்காகச் சாப்பிட்டார்கள். 2000 கலோரிக் கணக்கில் அது நாளைக்கு 33 கிராம். சூரியகாந்தி எண்ணெயில் சொன்னால் தினமும் 50 கிராமுக்கு மேல், ஒரு ஆளுக்கு. அந்தக் காலத்து மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பும் இருந்திருக்கலாம் என்ற வாதமும் இருக்கிறது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 15 சதவீதம் அளவுக்கு மீறியது, அதுவே போதும். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2010-இல் வெளியான அறிக்கையில் லினோலிக்குக்கு 9 சதவீதத்தை மேல் எல்லையாக வைத்தது. சிட்னி சொல்வது ‘அளவைத் தாண்டாதே’ என்பதை. அது என் பக்கச் சான்று. எண்ணெய் அளவைக் குறை என்று சொல்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை. நால்வர் வீட்டில் மாதம் ஆறேழு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் அது எந்தச் செக்கில் ஆட்டியது என்று கேட்பதற்கு முன் அந்த லிட்டரைப் பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

இன்னொரு சான்று ஒற்றைத் தலைவலி பற்றியது. 2021-இல் அதே ராம்ஸ்டன் குழு 182 பேரிடம் செய்த சோதனையில், மீன் ஒமேகா-3 ஐக் கூட்டியவர்களுக்குத் தலைவலி குறைந்தது. அதோடு லினோலிக்கையும் குறைத்தவர்களுக்கு இன்னும் குறைந்தது. இதை நான் ஏற்கிறேன். தலைவலிக்காரர் ஒருவர் லினோலிக்கைக் குறைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அதற்காக ஊரில் எல்லோருக்கும் அந்த விதி பொருந்தாது. அந்தச் சோதனையிலும் மருந்தாக வேலை செய்தது தட்டில் சேர்ந்த மீன்.

மேலே சொன்ன 2010 அறிக்கை விகிதத்தைப் பற்றி என்ன சொன்னது தெரியுமா? இரண்டு கொழுப்பும் தனித்தனியே பரிந்துரைத்த அளவுக்குள் இருந்தால், இவற்றின் விகிதத்துக்கென்று தனியாக ஒரு பரிந்துரை தருவதற்குக் காரணம் இல்லை என்றது. பிரிட்டனில் 45 முதல் 70 வயது வரையிலான 258 பேரிடம் ஆறு மாதம் விகிதத்தை ஐந்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்று வரை மாற்றிப் பார்த்த சோதனையின் முடிவும் இதுதான்: இதய நோய்க் காரணிகளைத் திருத்த இந்த விகிதத்தால் பயனில்லை. நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ ஐந்திலிருந்து பத்துக்குள் என்று ஒரு எண் கொடுத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்திய உணவில் ஒமேகா-3 எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி அளந்து சொன்னவர்கள் அவர்கள். அந்த எண்ணை எட்ட அவர்கள் காட்டும் வழியும் ஒமேகா-3 உள்ளதைத் தட்டில் சேர்ப்பதுதான். மக்களிடம் போய்ச் சேர்ந்ததோ எண் மட்டும். வழி சேரவில்லை.

உளுந்து நல்ல உதாரணம். உளுந்தில் கொழுப்பே 100 கிராமுக்கு ஒன்றரை கிராம்தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் லினோலெனிக். நாலு இட்லியிலுள்ள உளுந்து தரும் ஒமேகா-3, 25 கிராம் நல்லெண்ணெய் தருவதற்குக் குறையாது. ஒமேகா-3 ஐ எண்ணெய்ப் பாட்டிலில் தேடுவது வீண் என்பதற்கு இதுவே போதும். நாளைக்கு ஒரு கிராமும் சற்று மேலும் லினோலெனிக் வேண்டும். நம் வழக்கமான மூன்று செக்கு எண்ணெய்களும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தருவதில்லை.

விகிதத்தின் பின்னால் ஓடுவதால் நேரடியாக ஒரு கேடு உண்டு. அதை நான் பரிசோதனைக் கூடத்தில் மணந்தே அறிந்தவன். ஒமேகா-3 எண்ணெய்க்குள் இருந்தால் நல்லது என்று நம்பி ஆளி விதை எண்ணெயில் தோசை வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். லினோலெனிக்கில் இரட்டைப் பிணைப்பு மூன்று. லினோலிக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் அது காற்றோடு சேர்ந்து கெடும். ஆளி விதை எண்ணெய்தான் பெயிண்டில் காய்ந்து படலமாகும் எண்ணெய்; ஓவியர்கள் நூற்றாண்டுகளாக அதைப் பயன்படுத்தியது அது சீக்கிரம் காற்றோடு பிணைந்து இறுகும் என்பதால்தான். சூடான கல்லில் அதை ஊற்றினால் பெயிண்ட் கடையின் நெடியும் மீன் கவிச்சியும் கலந்த வாடை எழும். அந்த வாடை வந்தால் நீங்கள் தேடிய ஒமேகா-3 அங்கே அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆளி விதையைப் பொடியாக, சமைத்த பிறகு தூவுவதுதான் சரி. அதையும் அரைத்தால் ஒரு வாரத்துக்குள் தீரும் அளவுக்கு, காற்றுப் புகாத டப்பாவில், குளிர்பெட்டியில்.

பொரிக்கும் எண்ணெயில் நாம் பயப்பட வேண்டியது வேறு. வடைக்கடைச் சட்டியில் காலையிலிருந்து மாலை வரை கொதிக்கும் எண்ணெயில், எது ஊற்றியிருந்தாலும், சிதைந்த பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை மொத்தமாக அளக்க முடியும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு அடையாளங்கள் உண்டு. எண்ணெய் கறுத்துக் குழம்புபோல் தடித்திருக்கும். வடையைப் போட்டதும் எழும் நுரை சீக்கிரம் அடங்காமல் சட்டி விளிம்பு வரை ஏறி நிற்கும். முதல் நாள் எழாத சூட்டிலேயே புகை எழும். கடைக்குக் கடை மாறும் இந்த விஷயத்தைப் பற்றி நம் பலகையில் ஒரு வரிகூட இல்லை.

போன மாதம் செக்குக் கடைக்கு மறுபடி போனேன். தம்பியிடம் ஒரு தாளில் மேலே சொன்ன ஏழு எண்ணெய்க்கும் எண்களை எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணாச்சி, இத எழுதுனா என் நல்லெண்ணெய யாரு வாங்குவா? நூத்தி முப்பத்தேழுன்னு போட்டா ஓடிப் போயிருவாங்க.”

“அந்த வரிசையவே அழிச்சிருங்க தம்பி. நல்லெண்ணெய்க்கும் இல்ல, சூரியகாந்திக்கும் இல்ல.”

“அப்ப அந்த எடத்துல என்ன போடுறது?”

“எள்ளு எந்த ஊருது, எந்தத் தேதில ஆட்டுனது. அத மட்டும் போடுங்க. வாங்குறவங்களுக்கு அது வேணும்.”

அவர் தாளை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார். வெளியே வரும்போது பலகை அப்படியேதான் இருந்தது. இந்த வாரம் அந்தப் பக்கம் போன ஒருவர் சொன்னார், சிவப்பு மையில் இருந்த இரண்டு வரிகளின் மேல் வெள்ளை அடித்திருக்கிறதாம். பச்சை இன்னும் இருக்கிறதாம். நான் மறுபடி போவேன்.